சோளத்தின் நிழல்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்குக் கை கூசும். அவளைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. கல்யாணமாகிப் போன ஒரே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "அளவு சரியில்ல" என்று ஒரே பதில். அன்றிலிருந்து தையல் மிஷினே கதி என்று கிடந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியாத அளவுக்குக் கண் மங்கியதும் மிஷினை விற்றுவிட்டு மண்ணில் இறங்கினாள்.

மாமனார் போகும்போது வீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். தெற்குப் பாதி எங்களுக்கு, வடக்குப் பாதி அவளுக்கு. நடுவில் சுவர் கிடையாது, ஒரு வரிசை செங்கல் மட்டும். அவள் பாதியின் மூலையில் ஒரு தகரக் கொட்டகை; அதில்தான் குடித்தனம். விளைந்ததை ஆஸ்பத்திரி கேன்டீனுக்குக் கொடுத்துச் சாப்பிட்டாள். விளையாமல் போனால் இடத்தை எங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டு இருட்டுப் பின்னறையில் வந்து என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட வேண்டியதுதான். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

ஆனால் அவளுக்கு விளைந்து தொலைத்தது. துணி வெட்டுவதற்கு முன் கோடு போடுகிற மாதிரி, கொட்டகைச் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் பாத்திகளை வரைந்து பார்ப்பாள். உயரமாகப் போகிற பாகலுக்கும் பீன்ஸுக்கும் வடக்கு ஓரத்தில் பந்தல். நிழல் வடக்கே பின் தெருவில் போய் விழும். அதற்கு முன்னால் இடுப்பு உயரத் தக்காளி. இரண்டுக்கும் நடுவில், தக்காளி நிழலில், கீரை. தக்காளியைச் சுற்றி நெருக்கமாகச் செண்டுப்பூ, அதன் வேர் மண்ணில் இருக்கிற நூற்புழுவை அடக்கும் என்பாள். முட்டைக்கோசுக்குப் பக்கத்தில் கொத்தமல்லியைப் பூக்க விடுவாள். பூவுக்கு வருகிற பூச்சிகள் கோசில் ஒட்டும் அசுவினியைத் தின்றுவிடுமாம். கடைசியாகத் தெற்கு ஓரத்தில், செங்கல்லை ஒட்டி, வெயில் கேட்கிற குட்டைச் செடிகள்: மிளகாய், வெங்காயம். சொந்தபந்தத்தில் யாரோடும் ஒத்துப்போகாதவள் செடிகளுக்கு மட்டும் ஜோடிப் பொருத்தம் பார்த்தாள்.

அந்தத் தெற்கு ஓரத்தைப் பார்த்ததும்தான் எனக்கு யோசனை வந்தது. எங்கள் ஊரில் மழை ஓய்ந்தபின் சூரியன் தெற்கே சரிந்துவிடும். "செங்கல்ல ஒட்டி நம்ம பக்கம் நெருக்கமா மக்காச்சோளம் போடுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் சிரித்தார்.

சோளம் ஆள் உயரம் வளர்ந்தது. நிழல் அவளுடைய முதல் இரண்டு பாத்திகளையும் நாள் முழுக்க மூடியது. மிளகாய் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீண்டு பூவை உதிர்த்தது. வெங்காயம் கிழங்கு வைக்காமல் தாளோடு நின்றுபோனது. நான் துணி காயப்போடுகிற சாக்கில் தினமும் போய்ப் பார்த்து வயிறு குளிர்ந்தேன்.

ஒரு நாள் காலை செங்கல் ஓரம் வந்து நின்றாள்.

"அண்ணி, இது உங்க வேலைதான?"

"எங்க இடம், எங்க சோளம். உனக்கென்ன வந்தது?"

"அதான் கேட்டேன். அண்ணனுக்கு இவ்வளவு மூளை கிடையாதே."

வீட்டுக்காரர் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

அன்று முழுக்க அவள் குச்சியும் கையுமாகத் திரிந்தாள். காலையில், உச்சியில், சாயங்காலத்தில், நிழல் முடிகிற இடத்தில் குச்சி நட்டாள். மறுநாள் தோட்டத்தையே திருப்பிப் போட்டாள். மிளகாயை வேர் கலையாமல் மண்ணோடு பெயர்த்து, கோசு வெட்டிக் காலியாகக் கிடந்த வெயில் பாத்திக்கு மாற்றினாள். தேறாத வெங்காயத்தைத் தாளோடு பிடுங்கிக் கேன்டீனுக்கு அனுப்பினாள். நிழல் விழுந்த இடத்தில் கீரையும் கொத்தமல்லியும் புதினாவும் போட்டாள். அதோடு விட்டாளா? செங்கல்லை ஒட்டித் தன் பக்கம் பீன்ஸ் விதையை ஊன்றினாள். அது நேராக எங்கள் சோளத்தில் சுற்றிக்கொண்டு ஏறியது.

"உன் கொடி என் சோளத்துல ஏறுது, பாத்தியா இல்லயா?" என்று கத்தினார் வீட்டுக்காரர்.

"பிடுங்கிக்கோ. சோளமும் சேந்து வரும்."

பிடுங்கிப் பார்த்தார். வந்தது. அதற்குப் பிறகு தொடவில்லை.

கோடை ஏறியது. சூரியன் மேலே வர வர நிழல் சுருங்கி, கடைசியில் செங்கல்லை ஒட்டிய ஒரு பாத்தியில் மட்டும் நின்றது. அதுதான் கீரைப் பாத்தி. தெருவில் எல்லார் வீட்டுக் கீரையும் கருகிப் பூவெடுத்தபோது அவளுடையது மட்டும் தளதளவென்று இருந்தது. கேன்டீன்காரர் வாசலிலேயே வந்து நின்று, வாரா வாரம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் சோளம், என் யோசனை, அவள் கீரை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, நம் சோளமாவது மிஞ்சட்டும் என்று ஒரு கதிரை உரித்தேன். பொக்கை வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி. இன்னொன்று, அதுவும் அப்படியே. அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"சோளம் காத்துலதான் மகரந்தம் மாத்திக்கும் அண்ணி. நாலஞ்சு வரிசையா கும்பலா நடணும். ஒத்த வரிசைன்னா எல்லாம் பறந்து போயிடும். வேலி மாதிரி நட்டீங்க, வேலிதான் கிடைச்சிருக்கு."

நான் உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். "எல்லாத்தையும் சாய்ங்க. அவ கீரை வெயில்ல வேகட்டும்."

மறுநாள்தான் கேன்டீனுக்குக் கீரைக் கட்டு போக வேண்டும். அது போகாவிட்டால் அவர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு நிமிஷம் தயங்கினார். நான் முறைத்தேன். வெட்ட ஆரம்பித்தார். பீன்ஸ் கொடியோடு சேர்ந்து வரிசை முழுக்க எங்கள் பக்கம் சாய்ந்தது. உச்சி வெயில் நேராகக் கீரையில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இலையெல்லாம் துவண்டு தரையில் படுத்துக்கொண்டது. நான் போய்ப் பின்னறையைப் பெருக்கிப் பாய் விரித்து வைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் செங்கல்லைத் தாண்டி எங்கள் பக்கம் நின்றிருந்தாள். வந்துவிட்டாள் வழிக்கு என்று நினைத்தேன்.

"அண்ணா, இந்தச் சோளத் தட்டைய எடுத்துக்கட்டுமா? மாடா வளக்கறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் அவள் ஒரு சுமை அள்ளிவிட்டாள். கீரைப் பாத்தியைச் சுற்றிக் கவைக்கம்பு ஊன்றி, குறுக்கே கழி போட்டு, மேலே தட்டையை இலையோடு பரப்பினாள். கண் சரியாகத் தெரியாததால் செங்கல்லில் கால் தடுக்கி ஒருமுறை விழப் பார்த்தாள். வீட்டுக்காரர் அரிவாளைக் கீழே போட்டார். அடுத்த சுமையை அவர் தூக்கினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே!

அவள் நன்றி சொல்லவில்லை. "ஓரமா வை. கொத்தமல்லிய மிதிக்காத" என்றாள். இடைவெளி விட்டுப் பரப்பச் சொல்லி அதட்டினாள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு செய்தார். பந்தல் முடிந்ததும் தண்ணீர் தெளித்தாள். வெயில் தாழ்வதற்குள் கீரை ஒவ்வொன்றாகத் தலை நிமிர்ந்தது. கீரைக் கட்டு மறுநாள் போய்விடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பின்னறைய ஒழிச்சு வெச்சிருக்கேன்" என்றேன். "எப்பன்னாலும் உனக்கு வேண்டியிருக்கும்."

கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே என் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"அதுல உருளைக்கிழங்கு கொட்டி வைங்க அண்ணி. அதுக்குத்தான் வெளிச்சம் ஆகாது."