நாலாவது அங்கம்

தருமனுக்குத் தன் கூட்டாளி சம்பந்தத்தின் மேல் பல வருஷக் கோபம் ஒன்று இருந்தது.

கோடம்பாக்கத்து ஆட்கள் பழவேற்காட்டு டச்சுக் கல்லறையில் சினிமா எடுக்க வந்தபோது, தருமனையும் அவன் படகையும் அவர்களிடம் பிடித்துக் கொடுத்தவன் சம்பந்தம்தான். அந்தப் படத்தில் அவன் உதவி இயக்குநர். கதையில் செத்துப்போன ஒருவனின் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு தருமன் கல்லறைச் சுவரோரமாக நடந்து வரவேண்டும். பகல் முழுக்க வெயிலில் நடந்தான். படம் வந்ததும் இவர்கள் ஊரான லைட்ஹவுஸ் குப்பமே வேன் பிடித்துப் பொன்னேரி தியேட்டருக்குப் போனது. திரையில் தெரிந்தது படகின் பின்பக்கம் மட்டும்தான். தருமனைக் காணோம்.

"படகு நல்லா நடிச்சிருக்குதுப்பா. உன்னைவிட அதுக்குக் களை ஜாஸ்தி" என்று மீன் ஏலக்கூடத்தில் அப்புறம் எத்தனையோ வருஷம் கேலி பேசினார்கள்.

சம்பந்தத்தைப் பிடித்துக் கேட்டான். "அது கிளைமாக்ஸுக்கு அப்புறம் வர்ற சீன் மச்சான். அப்போ ஜனம் செருப்பைத் தேடிக்கினு இருக்கும். வெட்டித் தூக்கிட்டாங்க. என் கையில இல்ல."

கையில் இல்லை என்பதுதான் சம்பந்தத்தின் பிழைப்பு. கரைவலை இழுத்த குடும்பத்தில் பிறந்து, சினிமா சினிமா என்று ஓடி, தலை நரைக்கும்வரை யார் யாருக்கோ உதவி இயக்குநராகவே இருந்தான். தனக்கென்று ஒரு படம் அமையவில்லை. சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்றபிறகு குப்பத்துக்கே திரும்பி வந்தான். பெண்டாட்டி காந்தா கருவாடு காயவைத்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். இவன் கிழிந்த வலை பொத்துவான். வாரத்தில் இரண்டு நாள் சென்னைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவான். வந்த அன்றைக்குப் பேசக்கூடத் தெம்பிருக்காது.

அப்படிப்பட்டவன் ஒருநாள் தருமனின் படகுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சென்னையில ஒரு போட்டி வைக்கிறாங்க. குறும்படம். பத்து நிமிஷத்துக்கு மேல ஒரு செகண்டு போவக்கூடாது. நான் எடுக்கப் போறேன். இதை வுட்டா எனக்கு வேற படம் இல்ல."

"எடு. எனக்கு இன்னா?"

"நீ நடக்கணும்."

தருமன் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "என் படகைக் கூப்பிடு. அதுக்குத்தான் நடிக்க வரும்" என்றான். ஆனாலும் போனான்.

கதை சின்னதுதான். புருஷன் பெண்டாட்டிக்குள் காலையில் ஒரு சில்லறைச் சண்டை. அவன் சாப்பிடாமல் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். முகத்துவாரம் மணல் ஏறிக் கிடக்கிறது, காற்றும் சரியில்லை. கோபத்தில் படகை விடுகிறான். படகு கவிழ்கிறது. கூடப்போனவன், அதாவது தருமன், அந்தத் தூக்குச்சட்டியோடு கரையேறி, ஊருக்குள் நடந்து போய் அவளிடம் சொல்லவேண்டும்.

படம் பிடித்தது செசிலியா. பழவேற்காட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள், கல்யாண வீடியோ எடுப்பவள். அவளுக்கும் சம்பந்தத்துக்கும் முதல் நாளே முட்டிக்கொண்டது.

"அண்ணே, மூணு ஆக்டா வச்சுக்கலாம். சண்டை ஒண்ணு. அது ரெண்டரை நிமிஷம். முகத்துவாரம் ரெண்டாவது, அதுக்கு அஞ்சு நிமிஷம். அது முடியற இடத்துல படகு கவுரும். மிச்சம் ரெண்டரையில சட்டி வீட்டுக்கு வரும், முடிஞ்சுது. நீங்க சொல்றாப்ல அஞ்சு ஆக்டுனா படகு நட்டநடுவுல, அஞ்சாவது நிமிஷத்துலயே கவுந்துடுதே. அப்புறம் யார் பாப்பாங்க?"

"அப்புறம்தாம்மா படமே. சண்டை ஒண்ணு, முகத்துவாரம் ரெண்டு, கவுர்றது மூணு. இவன் நடந்து வர்றது நாலு. அவ கேக்கறது அஞ்சு. கவுந்தது கடல்ல முடிஞ்சு போச்சு. ஊருக்குள்ள அது இன்னும் நடக்கல. அதைத் தூக்கிக்கினு வர்றவன் இவன்தான். அந்த நாலாவது அங்கத்தைத்தான் எல்லாரும் வெட்டுவாங்க. நான் வெட்ட மாட்டேன்."

பக்கத்தில் நின்று தருமன் கேட்டுக்கொண்டிருந்தான். கோபத்தில் பாதி அன்றைக்கே இறங்கிவிட்டது.

படகுத்துறையில் தொடங்கி, மீன் மார்க்கெட் வழியாக, அதே கல்லறைச் சுவரோரமாக நடந்தான். மீன் அறுக்கிற பெண்கள் அவன் கையில் இருக்கும் சட்டியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும். "சும்மா நட மச்சான். மூஞ்சியில ஒண்ணும் பண்ணாத" என்று மட்டும் சம்பந்தம் சொன்னான். நிற்க முடியாமல் ஒரு மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்தபோது படம் பத்து நிமிஷத்தைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. செசிலியா முறைக்கவில்லை. அவன் கேட்டபடியே ஐந்து அங்கமும் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் சுருக்கி, பத்து நிமிஷத்துக்குள் அடக்கிக் காட்டினாள். கூடவே, மூன்று அங்கமாக வெட்டியதையும் தனியாக வைத்திருந்தாள். ஸ்டுடியோவில் மூன்று பேரும் உட்கார்ந்து இரண்டையும் பார்த்தார்கள்.

ஐந்து அங்கத்தில் சண்டை தொடங்குவதற்குள் முடிந்தது. அந்தப் புருஷன் யாரென்று மனதில் தங்குவதற்குள் முகத்துவாரம் வந்தது, படகும் கவிழ்ந்தது. தருமனின் நடைக்குக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் அவன் கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவன்போல விசுக்கென்று போனான். மூன்று அங்கத்தில் சண்டை உறைத்தது. முகத்துவாரத்தில் படகு திரும்பிவிடாதா என்றிருந்தது. படகு கவிழ்ந்தது, அடுத்தது வாசற்படியில் தூக்குச்சட்டி. காந்தாதான் பெண்டாட்டியாக நடித்திருந்தாள். அவள் குனிந்து அந்தச் சட்டியை எடுத்தாள். மூடியைத் திறக்காமல் கையில் கனம் பார்த்தாள். நடை எங்கேயும் இல்லை.

சம்பந்தம் இரண்டாவதைத் திரும்பப் போடச் சொன்னான். பார்த்துவிட்டு, மேசைமேல் இருந்த கையை எடுக்காமலே சொன்னான்.

"மூணே இருக்கட்டும்மா. பத்து நிமிஷம் அஞ்சைத் தாங்கல."

பிறகு தருமன் பக்கம் திரும்பினான். "இந்தத் தபா என் கையிலதான் இருந்துச்சு மச்சான்."

"தெரியுது. படகாவது வருதா?"

"கவுந்து வருது."

செசிலியா சிரித்துவிட்டாள். தருமன் சிரிக்கவில்லை. ஆனால் கோபமும் வரவில்லை. அவனும் இரண்டையும் பார்த்திருந்தான். எது நன்றாக இருந்தது என்று அவனுக்கும் தெரிந்தது. கோபப்படக்கூட இடமில்லாமல் போனதுதான் அவனுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

படத்தை அனுப்பினார்கள். தேர்வான படங்களின் பெயர்கள் செசிலியாவின் போனில் வந்தன. அதில் இது இல்லை. காரணம் ஒன்றும் போடவில்லை. சம்பந்தத்துக்குக் காரணம் வேண்டியிருந்தது. நைலான் ஊசியை வலையில் செருகியபடி, "அஞ்சாவே அனுப்பி இருக்கலாமோ?" என்பான். கொஞ்சம் பொறுத்து, "இல்ல, மூணுதான் சரி" என்பான். இரண்டில் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான் என்று தருமனுக்குத் தோன்றியது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

தை பிறந்ததும் சம்பந்தத்துக்குக் கால் வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. சென்னைக்குப் போகிற வண்டியில் ஏற்றும்போது காந்தா மடியில் தலை வைத்திருந்தான். இனித் திரும்புவது நடக்காது என்று வண்டியைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரியும். தருமனைக் கைகாட்டிக் கூப்பிட்டான். அவன் ஜன்னலுக்குள் தலையைக் கொடுத்தான்.

"செசிலியாவுக்குக் கல்யாண சீசன். கம்ப்யூட்டர்ல இடமில்லியாம். வெட்டினதையெல்லாம் அழிச்சுடட்டுமான்னு கேட்டுச்சு. சரின்னுட்டேன்."

"அத்த வுடு. நீ பேசாத."

"உன் நடை முழுசா கிடக்குது அதுல. துறையில இருந்து கல்லறைச் சுவர் வரைக்கும். அந்தப் பொண்ணு அழிக்கிறதுக்கு முன்னால ஒரு தபா போயி உக்காந்து பாரு. நடுவுல எழுந்துக்காத."