ஓர் இகரம், மூன்று அட்டைகள்

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உருபக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். விவிலியத்தில் கிரேக்கத்தில் உள்ள பழைய கடிதங்களை, அதாவது திருமுகங்களை, தமிழில் புதிதாகப் பெயர்க்கிற குழுவில் தமிழ்நடை பார்ப்பது அவள் வேலை. 'ஆல்' வரவேண்டிய இடத்தில் 'இல்' வந்துவிட்டால் சோற்றில் கல் கடிபட்டவள் மாதிரி முகத்தைச் சுளிப்பாள். வேற்றுமை உருபை அப்படிக் காத்ததால் வந்த பட்டம்தான் அது.

பட்டம் சூட்டியவர் மேசைக்கு எதிர்ப்பக்கம் கிரேக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாத்தியார். பதிலுக்கு அவள் அவருக்கு இகரத்தார் என்று பெயர் வைத்தாள். கிரேக்கச் சொல்லின் கடைசியில் ஓர் 'இ' ஒட்டியிருந்தால் போதும், மனிதர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்.

"இந்த ஒரு எழுத்துக்குள்ள மூணு குடித்தனம் இருக்கு, தெரியுமா? ரொம்பப் பழைய காலத்துல தனித்தனி வீடா இருந்தது. கிரேக்கத்துல மூணும் ஒண்ணாக் கலந்துபோச்சு. எதால செய்யுறோம், எதுல இருக்கோம், யாருக்கு, எல்லாத்துக்கும் ஒரே வாசல்."

"எங்க தமிழ்ல ஆல், இல், கு. ஆளுக்கொரு வாசல் வச்சுத்தான் கட்டியிருக்கோம். அதனாலதான் எங்க வீட்டுல சண்டை இல்லை," என்பாள் அவள்.

"சண்டை இல்லாத வீடா? நீ இருக்கிற இடத்துலயா?"

இப்படிச் சண்டை போட்டே இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் ஒரு விஷயத்தில் மட்டும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஒரே வாக்கியத்தில் ஒரே கிரேக்கச் சொல் ஒரே வடிவத்தில் இரண்டு முறை வந்தால் தமிழிலும் இரண்டு இடத்திலும் ஒரே உருபுதான் வரவேண்டும் என்பது அவர் கட்சி. வினைச்சொல் மாறினால் உருபும் மாறும், தமிழ் அப்படித்தான் மூச்சுவிடும் என்பது அவள் கட்சி. சாப்பாட்டுத் தட்டு காய்கிறவரை வாதாடுவார்கள். அவருக்குக் குரல் உயர்ந்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் சிரித்தால் அவருக்கு வாதம் மறந்துபோகும்.

அந்தக் குரலைத்தான் ஒரு காலைப்பொழுது பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. முகம் கழுவப் போனவர் குழாயடியில் சாய்ந்துவிட்டார். மூளையில் இரத்தக் கசிவு. வலது கை செத்துப்போயிற்று, கால் இழுத்தது. பேச்சு திரும்பி வந்தது, ஆனால் அரைகுறையாக. பெயர்ச்சொல் வந்தது, வினைச்சொல் வெறும் பகுதியாக நின்றது, உருபு மட்டும் வரவே இல்லை.

"நான்... ஜன்னல்... காற்று."

உலகத்தில் எத்தனையோ பெண்களின் கணவன்மாருக்கு வாய் குழறியிருக்கிறது. ஆனால் உருபக்கா என்று பெயர் எடுத்தவளின் கணவனிடமிருந்து விதி உருபைத்தானா எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் கண்டிப்பானவள். "அம்மா, அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீங்க முடிச்சுடுறீங்க. காத்திருங்க. உள்ளுக்குள்ள அவருக்கு எல்லாம் புரியுது."

அவளால் காத்திருக்க முடியவில்லை. வெட்டவெளியில் நிற்கிற சொல்லைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்காது. "ஜன்னல்கிட்ட உக்காரணுமா? காத்து வேணுமா?" என்று போர்த்திவிடுவாள். அவர் சில நேரம் தலையாட்டுவார், சில நேரம் கண்ணை மூடிக்கொள்வார்.

மாலையில் கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடைபழகும்போது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்.

"நீ... நான்... வாழ்."

"எனக்காக வாழ்வீங்க. தெரியுமே," என்று அவள் முடித்துவைப்பாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நிற்பார். இரவு விளக்கை அணைத்தபின் தனக்குள் சொல்லிக்கொள்வாள். 'உனக்காக' என்று நீட்டி முழக்க வேண்டாம். அவர் வாயால் ஒரே ஓர் உருபு வந்தால் போதும். அதற்காக எத்தனை வருஷம் வேண்டுமானாலும் எதிர்க்கட்சியில் உட்காரத் தயாராக இருந்தாள்.

இப்படி இருக்கும்போது குழுத்தலைவர் தொலைபேசியில் வந்தார். ஓய்வுபெற்ற போதகர், மெதுவாகப் பேசுகிற மனிதர்.

"அம்மா, அந்தத் திருமுகத்துல ஒரே ஒரு வரிதான் பாக்கி. நம்ம ஆள் ஆரம்பத்துல இருந்து சண்டை போட்ட அதே ஆவி வரி. அவர் இல்லாம முடிக்க மனசு வரலை. கூட்டிட்டு வர முடியுமா?"

அவள் உடனே சரி என்றாள். வரியைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. வைத்தியத்துக்கு வராத உருபு இந்தச் சண்டைக்காவது எழுந்து வராதா என்ற ஆசைதான்.

அலுவலகம் ஓர் அச்சுக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. காகிதக் கட்டுகளைத் தாண்டி, அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவள் ஓர் அடி வைத்து அவர் ஓர் அடி வைக்கக் காத்திருந்து, நீள மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். அவருடைய நாற்காலி காலியாகவே இருந்தது. அதற்குப் பக்கத்தில் புதிதாக டாக்டர் பட்டம் வாங்கி வந்திருந்த ஒருவர். அவரை எல்லோரும் டாக்டர் தம்பி என்றார்கள். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க ஐயா. உங்க விதியைத்தான் நான் காப்பாத்திட்டு இருக்கேன். அக்காவைச் சமாளிக்க முடியலை."

"டீயைக் குடிங்க தம்பி, ஆவி போயிடும்," என்றாள் அவள். தலைவர் சிரித்துவிட்டு வரியைப் படித்தார். "எய் ஜோமென் ப்னெயுமட்டி, ப்னெயுமட்டி காய் ஸ்டொயிக்கோமென்."

நாம் வாழ்கிறோமென்றால், அடியெடுத்து வைப்போமாக. இந்த இரண்டு வினைக்கும் நடுவில் 'ஆவி' என்கிற சொல் இரண்டு முறை, அடுத்தடுத்து, அதே இகரத்தோடு. முன்னால் ஓர் இடைச்சொல்கூட இல்லை.

"முன்னாடி கிரேக்கத்துல 'என்'னு ஒரு சொல் இருந்தா 'இல்'னு தைரியமாப் போட்டுடலாம்," என்றார் தலைவர். "இங்க அது இல்லை. இருந்தாலும் 'ஆவியில் வாழ்கிறோம்'னு சொன்னா தப்புன்னு சொல்ல முடியாது. மீன் தண்ணியில வாழ்ற மாதிரி."

"ஆவிக்கு வாழ்கிறோம்னும் எடுக்கலாம்," என்றார் டாக்டர் தம்பி. "இன்னாருக்கென்று வாழ்வதுன்னு இந்தத் திருமுகத்தை எழுதினவரே வேற திருமுகத்துல எழுதுறார். ஆனா இங்க வாழ்வு எங்கிருந்து வருதுங்கிறதுதான் பேச்சு. அதனால 'ஆல்'தான் எனக்குப் பிடிக்குது. ரெண்டாவது இடத்துலயும் அதே 'ஆல்'. ஒரே சொல், ஒரே உருபு."

"ரெண்டாவது வினை என்ன? வரிசை பிசகாம அடியெடுத்து வைக்கிறது," என்றாள் அவள். "எதோட வரிசைக்கு நாம ஒத்துப்போறோமோ அதுக்குத்தான் அந்த இகரம். 'ஆவியால் அடியெடுத்து வைப்போம்'னா ஆவி ஊன்றுகோல் ஆயிடுச்சு. 'ஆவிக்கு இசைய'னு சொன்னாத்தான் தமிழ்."

எல்லோரும் இகரத்தாரைப் பார்த்தார்கள். அவர் தாளின்மேல் இடது விரலை வைத்தார். முதல் சொல்லின் இகரத்தில் விரல் நின்றது.

"ஆவி... வாழ்..."

அவள் முன்னால் சாய்ந்தாள். இதோ வருகிறது, இதோ. அவர் உதடு கூடியது, பிரிந்தது. அந்த வெறும் இடத்தை அவளால் தாங்க முடியவில்லை.

"ஆவியில் வாழ்கிறோம்னு சொல்றார்," என்றாள்.

அவர் இடது கையால் மேசையை அறைந்தார். தேநீர்க் கோப்பை குலுங்கியது. அவர் கண்ணில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் களைப்பு இருந்தது. பலநாள் களைப்பு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாள் இவர் சொல்லுக்கெல்லாம் நான் ஒட்டிய வால் இவருடையதா, என்னுடையதா? ஜன்னல், காற்று, சரி. மாலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னது? அவர் சொன்னதைக் கேட்டேனா, கேட்க ஆசைப்பட்டதைச் சொல்லிக்கொண்டேனா? புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைவர்தான் நிலைமையைத் தூக்கி நிறுத்தினார். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வாதம் வற்றிப்போனால் மூன்று அட்டைகளை மேசையில் பரப்புவார்கள்: ஆல், இல், கு. ஆளாளுக்குத் தங்கள் பென்சிலை ஓர் அட்டையின்மேல் வைக்க வேண்டும். பென்சில் வைத்த பிறகு பேச்சு கிடையாது.

"இதுக்கு வாய் எதுக்கு? அட்டையை எடுங்க," என்றார்.

முதல் 'ஆவி'க்கு எல்லாப் பென்சிலும் 'ஆல்' மேல் விழுந்தன. இகரத்தார் தம் பென்சிலை இடது கையால் அங்கேயே கொண்டுபோய் வைத்தார். ஆவியால்.

இரண்டாவது 'ஆவி'. டாக்டர் தம்பி 'ஆல்' மேல் வைத்தார். அவள் 'கு' மேல் வைத்தாள். தலைவர் கொஞ்சம் யோசித்து 'கு' பக்கம் போனார். மிச்சமிருந்த இன்னொருவர் ஐயாவின் விதியை மதித்து 'ஆல்' பக்கம் போனார். இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. ஒரே ஒரு பென்சில் பாக்கி.

அவர் முதலில் பென்சிலை 'ஆல்' பக்கம்தான் நகர்த்தினார். பாதிவழியில் நிறுத்தினார். ஒருகணம் தம் இழுத்துப்போன காலைப் பார்த்தார், அதற்குப் பக்கத்தில் செருப்போடு செருப்பு ஒட்டியிருந்த அவள் காலைப் பார்த்தார். பென்சிலை இழுத்துக்கொண்டே போய் 'கு' மேல் வைத்தார். அவளுடைய பென்சிலை ஒட்டி.

"ஐயா, சொந்த விதியையே உடைச்சுட்டீங்களே," என்றார் டாக்டர் தம்பி.

"வீட்டுக்குப் போகணும்ல," என்றார் தலைவர்.

மேசை சிரித்தது. அவர் வாய்க்கோணலோடு சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. எத்தனை வருஷமாக ஏங்கிய வெற்றி அது. வென்றதும் எதிர்க்கட்சிக்காரனின் அந்தப் பழைய குரலைத்தான் மனசு தேடியது. ஒருமுறை கத்துங்களேன், ஒத்துக்க மாட்டேன்னு சொல்லுங்களேன்.

தலைவர் தாளில் எழுதினார்: ஆவியால் வாழ்கிறோமென்றால், ஆவிக்கு இசையவே அடியெடுத்து வைப்போமாக.

புறப்படும்போது இகரத்தார் மூன்று அட்டைகளையும் கூட்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை.

மாலை வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. சுவரைப் பிடித்து நடந்தார். பாதியில் நின்றார்.

"நீ... நான்... வாழ்."

அவள் நாக்கு நுனிவரை வந்த சொல்லைப் பல்லால் கடித்து நிறுத்தினாள். காத்திருந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. வெயில் அவர் தோளிலிருந்து இறங்கி முழங்கைக்கு வந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து அட்டைகளை எடுத்தார். ஒன்று தரையில் விழுந்தது. இன்னொன்றை அவரே விட்டுவிட்டார். மிஞ்சியதை அவள் உள்ளங்கையில் வைத்தார். 'கு'வாக இருக்கும் என்று நினைத்தாள். எனக்காக என்று எத்தனை மாலை அவளே சொல்லிப் பார்த்துக்கொண்ட 'கு'.

'ஆல்'.

அவர் உதடு கூடியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"நீ... ஆல்."

மூச்சு வாங்கி, இரண்டையும் சேர்த்தார். "நீயால்."

உன்னால் என்று வரவேண்டும். ஆயுள் முழுக்க மற்றவர்களின் வாக்கியத்தைத் திருத்தியே பிழைத்தவள், அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ம்," என்றாள்.

பிறகு அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவர் காலுக்கு இசைய அடுத்த அடியை எடுத்து வைத்தாள்.