தொழில் என்ற கட்டத்தில் நான் எழுதியது

அப்பாவின் முதல் ஷிப்ட் பஸ் போன ஒரு காலையில்தான் அந்த எண்ணம் எனக்குத் தோன்றியது. சாப்பாட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டு, தண்ணீர் நிற்பதற்குள் குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தார் அம்மா. மேசையில் என் பொருளாதாரப் புத்தகம் திறந்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போனார்கள் என்று பக்கம் பக்கமாக இருந்தது. அவர்கள் விட்டுப்போன வேலையை யார் செய்தார்கள்? கல்லூரியில் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும். என் தலைப்பு அங்கேயே முடிவாகிவிட்டது.

அன்று மாலையே எழுதி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எட்டு நிமிஷம். ஒரு ஈடு இட்லியே வெந்துடுச்சு. அது என்னடி, 'திறன்சார் உழைப்பின் நீர்த்தல்'?"

"அனுபவப்பட்ட ஒருத்தர் முழுசா செய்யற வேலைய சின்னச் சின்னதா பிரிச்சு, ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் கத்துக்கொடுப்பாங்கம்மா. சில வாரத்துலயே பொம்பளைங்க குண்டு செய்யற மெஷின்ல நின்னுட்டாங்க. அப்புறம், 'நீ துண்டு வேலதானே செய்யற'ன்னு கூலியக் கொறச்சுட்டாங்க."

"இப்ப சொன்னியே, இத எழுது."

அப்படித்தான் நான்கு நாட்களில் அந்த உரை பேச்சுத் தமிழுக்கு இறங்கியது. முதல் நிமிடம்: ஆண்கள் போர்முனைக்கு, பெண்கள் ஆலைக்கும் வயலுக்கும். இரண்டாவது: துண்டு வேலை, குறைந்த கூலி. மூன்றாவது: நம் நாட்டு நிலக்கரிச் சுரங்கம். பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்ற தடையைப் போரின் நடுவில் அரசு நீக்கியது, கரி வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் தடை திரும்ப வந்தது. நான்காவது: ஆலை வேலை முடிந்த பிறகு ரேஷன் வரிசை, சமையல், துவையல். பெண்கள் வேலைக்கு வர வேண்டும் என்பதற்காகவே இங்கிலாந்தில் அரசு குழந்தைகள் காப்பகங்களைத் திறந்தது. போர் முடிந்ததும் பலவற்றை மூடினார்கள். பெண்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த இடத்தை வாசித்தபோது அம்மா கையை உயர்த்தினார்.

"மூடினா, புள்ளைங்கள எங்க வுட்டாங்க?"

"அதான், வீட்டுக்குப் போயிட்டாங்கம்மா."

"போனாங்களா, போக வெச்சாங்களா? சரியா எழுது."

எனக்கு அவசரம். "அஞ்சு நிமிஷத்துல எவ்ளோம்மா சொல்றது!" என்று தாளை மடித்துவிட்டேன்.

நான் பேசவேண்டிய நாளுக்கு முந்தைய காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல, நீ காலேஜுக்குக் கிளம்பு" என்றார். மருத்துவமனைக்குள் நுழையும்போது அவர் இல்லை. இன்னும் என்னால் இதை நம்ப முடியவில்லை. கொடியில் பாதித் துணிதான் இருந்தது, மீதி வாளியில்.

இறப்பைப் பதியச் சித்தப்பாவுடன் நான்தான் போனேன். படிவத்தில் பெயர், வயது, பிறந்த ஊர் என்று நிரப்பிக்கொண்டே வந்தேன். வடலூர்ப் பக்கத்துச் சிற்றூரில் விவசாயி மகளாகப் பிறந்தது, பத்தாவது வரை படித்தது, திருமணமாகி இந்தச் சுரங்க நகரியத்துக்கு வந்தது எல்லாம் எனக்கு மனப்பாடம். அடுத்தது தொழில்.

"வூட்லதான இருந்தாங்க? இல்லன்னு போடு பாப்பா" என்றார் சித்தப்பா.

போட்டேன். பெண்கள் உழைப்பைப் பற்றி நான்கு நாட்களாக மூச்சுவிடாமல் பேசியவள், என் கையாலேயே 'இல்லை' என்று எழுதினேன்.

ஐந்தாம் நாள் துக்கம் விசாரிக்க சரோஜா அத்தை வந்தார். எங்களுக்கு உறவில்லை, அதுவரை நான் பார்த்ததுமில்லை.

"நானும் உங்க அம்மாவும் மைன்ஸ் கேண்டீன்ல காண்ட்ராக்ட்ல இருந்தோம் பாப்பா. மூணு வருசம். ஒரே ஷிப்ட். அண்டா கழுவறதுல அவள யாரும் ஜெயிக்க முடியாது. பேசிக்கினே கழுவுவா, வாயும் ஓயாது, கையும் ஓயாது."

"எப்ப நிறுத்தினாங்க?"

"நீ பொறந்தப்ப. உன்னத் தூக்கிக்கினு ஒரு வாரம் வந்து பாத்தா. கொழந்தைய உள்ள வெச்சுக்கக் கூடாதுன்னுட்டாரு காண்ட்ராக்டர். வெளிய வுட எடமில்ல. நின்னுட்டா."

அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்ல வேணாம்னா உங்கம்மா. நீ உன்னாலதான்னு நெனச்சுக்குவேன்னு பயந்தா."

உள்ளே ஓடிப் போய் மடித்த தாளை எடுத்தேன். நான்காவது நிமிடத்தில், 'வீட்டுக்குப் போனார்கள்' என்ற வரியின் கீழே பென்சிலால் ஒரு கோடு. அம்மா போட்டதுதான். எதுவும் எழுதவில்லை. என்னிடமே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த எங்கள் பிளாக்கின் அண்டை வீட்டார், அப்பாவின் ஷிப்டைத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்ட தோழர்கள், பதினாறு நாளும் எங்களைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொண்ட பெண்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. சரோஜா அத்தைக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன்.

பதிவேட்டில் அந்தச் சொல்லைத் திருத்த முடியுமா என்று கேட்டு, சித்தப்பாவும் நானும் வரும் திங்கட்கிழமை போகிறோம். முடியாது என்றாலும் மனுவைக் கொடுத்துவிட்டுத்தான் வருவோம். கல்லூரியில் எனக்கு வேறு தேதி தந்திருக்கிறார்கள். நான்காவது நிமிடத்தை மாற்றி எழுதிவிட்டேன். இப்போது மொத்தம் ஆறு நிமிடம் ஆகிறது. குறைக்க வேண்டும். வேறு எங்காவது குறைப்பேன்.