வெள்ளைக்கரு மட்டும்

செங்குட்டுவன் மாமா அவித்த முட்டை உரிப்பதை எட்டாம் வகுப்பிலிருந்து பார்த்து வருகிறேன். சுவரில் ஒரு தட்டு, உள்ளங்கையில் ஒரு உருட்டு, ஓடு கழன்றுவிடும். கட்டைவிரலால் நடுவில் பிளந்து மஞ்சள்கருவை மட்டும் வெளியே தள்ளுவார். பக்கத்தில் நிற்பவர் யாரோ, அவர் கையில் அது விழும். பெரும்பாலும் நான்தான் நின்றேன். அந்த வயதில் நான் கொஞ்சம் சதை போட்டதற்கு அவர் தூக்கிப் போட்ட மஞ்சள்கருக்கள்தான் காரணம் என்று வெண்மதி அக்கா இன்றும் சொல்வாள். அவள் வீட்டுக்காரர்தான் அவர்.

மாமாவுக்கு நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. பகல் ஷிஃப்ட் முடிந்ததும் மந்தாரக்குப்பத்தில் தகரக் கூரை போட்ட அவருடைய ஜிம்முக்கு வந்துவிடுவார். பவர்லிஃப்டிங்கில் மாநில அளவில் தூக்கியவர். அவரிடம் பழகிய பையன்களுக்கு அவர் சொன்ன சாப்பாட்டு விதி ஒன்றுதான்: தூக்கி முடித்ததும் முட்டை, வெள்ளைக்கரு மட்டும், முடிந்தவன் புரதப் பவுடர் கலக்கிக் குடிக்கலாம். சோறு என்ற வார்த்தையை அங்கே யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

"சோறு தொப்பைக்கு, முட்ட தோளுக்கு" என்பார்.

பையன்களுக்குத் தோள் வந்ததென்னவோ நிஜம். நான் கல்லூரியில் சத்துணவியல் படிக்கப் போன பிறகுதான் அதன் இன்னொரு பாதி புரிந்தது. எடை தூக்குகிறவனின் தசை முக்கியமாகக் கேட்பது புரதத்தை. கிழிந்த நாரைத் திரும்பக் கட்ட அது வேண்டும். ஜிம்மில் தூக்கும் ஒரு மணி நேரத்தில் தசைக்குள் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு முழுதும் தீர்ந்துவிடாது. புரதம் எவ்வளவோ அதே அளவு மாவுச்சத்து, மிஞ்சினால் இரண்டு மடங்கு, அவனுக்குப் போதும். அதையும் அந்தப் பையன்கள் தங்களை அறியாமலே தின்றார்கள். ஜிம்மில் நான்கு முட்டை, வீட்டுக்குப் போய் அம்மா கையால் இரண்டு தட்டுச் சோறு. மாமா கண்ணில் பட்டது முட்டை மட்டும்.

மாமாவின் தோள்மூட்டுத் தசைநார் கிழிந்தது முப்பத்தொன்பதாவது வயதில். இனி பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூக்கிக் காட்ட முடியாத மாஸ்டரிடம் யார் வருவார்கள்? ஜிம்மில் கூட்டம் குறைந்தது. ஆனால் அவர் சும்மா உட்காருகிற ஆள் இல்லை. விடியற்காலையில் மைன்ஸ் டவுன்ஷிப்பின் பிளாக் சாலைகளில் ஓட ஆரம்பித்தார். ஐந்து, பத்து, இருபது கிலோமீட்டர் என்று ஏறியது. ஓடினால் தொப்பை இருக்கக் கூடாது என்று தன் தட்டிலிருந்தும் சோற்றை எடுத்துவிட்டார். அதுவரை ஊருக்குச் சொன்ன விதியை அவர் முழுதாகக் கடைப்பிடித்ததில்லை. இப்போதுதான் பிடித்தார்.

டவுன்ஷிப்பில் ஓட்டக்காரர்கள் குழு ஒன்று உண்டு. ஜவுளிக்கடை அப்துல் கபார் பாய்தான் தலைவர். கடலூர் வரை ஓடிப் போய், ஓர் இரவு தங்கி, மறுநாள் ஓடியே திரும்பி வருவது என்று குழுவில் முடிவானது. கபார் பாய் மாமாவிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

"தம்பி, நம்ம குழுவுக்கு ஒரு கோச் வேணும். சம்பளமும் பேசிக்கலாம். ஆனா தூக்கறவன் ஓட்டம் சொல்லித் தருவானான்னு நாலு பேரு கேக்கறாங்க. போயிட்டுத் திரும்பி வந்து காமிங்க. அப்பறம் எவன் கேக்கறான்னு பாப்போம்."

அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லாம் அந்த 'திரும்பி வர்ற'தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. காண்ட்ராக்ட் எப்போது நிற்கும் என்று தெரியாது. ஜிம் படுத்துவிட்டது. கோச் வேலை கிடைத்தால் மாமாவுக்குத் திரும்பவும் ஒரு பெயர் கிடைக்கும்.

நீண்ட ஓட்டம் ஓடிய மறுநாள் அவர் மாடிப்படி ஏறும் சத்தத்தை நான் கவனிக்கத் தொடங்கினேன். இடது கால் படியில் உரசும். பிறகு வலது காலும் உரசியது. சட்டைக் காலருக்குள் கழுத்து சுருங்கியது. சளி பிடித்தால் விட மறுத்தது. ஒரு நாள் ஷூ கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார். அக்கா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

அன்றைக்கு வாயைத் திறந்தேன்.

"மாமா, ஓடி முடிச்சதும் சோறு தின்னணும். சோறோ வாழப்பழமோ வெல்லமோ ஏதாவது. முட்டை ஒரு பங்குன்னா அது மூணு, நாலு பங்கு."

"தோ வந்துட்டாங்க டாக்டரம்மா" என்று சிரித்தார். "தே வெண்மதி, உன் தங்கச்சி என்னயக் குண்டோதரனாக்கப் பாக்கறா."

"அவ நாலு வருசம் படிச்சிகினு வந்திருக்கா. கேட்டாதான் என்ன?" என்றாள் அக்கா.

"படிச்சவ எத்தினி கிலோமீட்டர் ஓடியிருக்கா, கேளு."

பேருந்தைப் பிடிக்க ஓடியதைத் தவிர நான் ஓடியதில்லை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு தட்டில் ஒரு கரண்டிச் சோறு கூடுதலாக விழவைக்க முடியவில்லை. நான் படித்தது உண்மையா, பரீட்சைக்கு மட்டும் உண்மையா என்றுகூட அன்று சந்தேகம் வந்தது. அந்த மூன்று, நான்கு பங்கு என்பதும் மந்திரம் அல்ல என்று எனக்குத் தெரியும். இரண்டு மூன்று நாள் ஓய்வு இருந்தால் வழக்கமான சாப்பாட்டிலேயே உடம்பு சேமிப்பை மெல்ல நிரப்பிக்கொள்ளும். மறுநாளே திரும்ப ஓட வேண்டும் என்றால்தான் அந்த முதல் சில மணி நேரமும், உள்ளே போகும் மாவுச்சத்தின் மொத்த அளவும் உயிராகின்றன. கடலூர் ஓட்டத்தில் நடுவே இருந்தது ஓர் இரவுதான்.

ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் வரும் தண்ணீர் வேனில் நானும் போனேன். முதல் நாள் வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டி மாமா எல்லோருக்கும் முன்னால் ஓடினார். கடலூர் போய்ச் சேர்ந்ததும் கபார் பாயே கைகொடுத்தார். "கோச்சு, கோச்சு" என்று இரண்டு பேர் கத்தினார்கள். மாமாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

தங்கிய இடத்தில் மற்றவர்கள் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சாம்பார் சாதம், தயிர் சாதம், ஆளுக்கு ஒரு முட்டை, பழம், சர்க்கரை போட்ட மோர். யாரும் கணக்குப் பார்த்துத் தின்னவில்லை. பசித்தது, தின்றார்கள். மாமா மூலையில் சுவரில் தட்டி முட்டை உரித்துக்கொண்டிருந்தார். மஞ்சள்கருக்கள் ஒரு காகிதத்தில் வரிசையாக உருண்டு கிடந்தன. பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தார்.

நான் ஒரு தட்டில் தயிர் சாதத்தை எடுத்துப் போய் முன்னால் வைத்தேன்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும். முட்டைன்னா கட்டற கொத்தனாரு, அவரு வந்துட்டாரு. சோறுன்னா அடுப்புக்கு வெறகு, அது வர்ல. நாளைக்கு எத எரிச்சு ஓடுவீங்க?"

"இன்னிக்கு யாரு முன்னால வந்தா?"

"நீங்கதான்."

"அப்ப எடுத்துகினு போ பாப்பா. நாளைக்கு வூட்டுக்குப் போயி உன் கையால திங்கறேன். தட்டு நெறைய. சரியா?"

தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் விடியும்போது கிளம்பினார்கள். பாதி தூரம்கூட ஆகவில்லை, மாமா கடைசி ஆளாகியிருந்தார். உப்புப்போட்ட தண்ணீரை ஒழுங்காகக் குடித்தார். பழத்தை நீட்டினால் தலையாட்டி மறுத்தார். வேன் அவர் பின்னால் ஊர்ந்தது. அந்தக் கால் உரசும் சத்தம் இப்போது தார்ச்சாலையில் கேட்டது. குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் கபார் பாய் திரும்பி வந்து, "தம்பி, வண்டில ஏறுங்க" என்றார். மாமா அவரை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நேர் சாலை அது. கேட்டவர் பதிலுக்கு நிற்காமல் சாலையின் நடுவுக்குள் இரண்டடி வைத்தார். மணல் லாரி ஒன்று பிரேக் அடித்த ஓசையில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது லாரி சாய்வாக நின்றது. அதன் சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் மாமா மடங்கி விழுந்திருந்தார். லாரி அவரைத் தொடவில்லை. கால்கள்தான் விட்டுவிட்டன. ஊன்றி விழுந்த கையில் மணிக்கட்டு உடைந்திருந்தது.

வேனில் வைத்துச் சர்க்கரைத் தண்ணீரை மெல்ல மெல்லக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. குறிஞ்சிப்பாடி டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, "ரத்தத்துல சர்க்கரை ரொம்ப இறங்கியிருந்திருக்கு. நேத்து என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டார். மாமா திரும்பும் வழியில் என்னிடம் மட்டும் சொன்னார்:

"ஒரு தடவ பாப்பா. கை சரியாவட்டும். ஒரே ஒரு தடவ நீ சொல்றாப்ல தின்னுட்டு, மறுநாளும் ஓடிக் காட்டறேன்."

குழுவுக்கு வேறு கோச் வந்தார். மாமாவை யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகம் வருத்தியது என்று நினைக்கிறேன். கை கூடிய பிறகு ஒரு நாள் நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு போனேன். தள்ளி வைத்தார்.

"யோசிச்சுப் பாத்தேன். அன்னிக்கு முட்ட கம்மியாப் போச்சு. வெளியூர்ல எட்டுதான் கெடச்சுது."

லாரி முன்னால் அவர் விழுந்தது மாவுச்சத்து இல்லாததால்தானா என்று எந்தப் புத்தகமும் எனக்கு உறுதி சொல்லாது. முதல் நாள் அவ்வளவு வேகம் போனதும் காரணமாக இருக்கலாம். ஆனால் காலி அடுப்புக்கு முன்னால் இன்னும் நான்கு கொத்தனாரை உட்காரவைக்கப் பார்க்கிற மனிதரை நான் என்ன சொல்லித் திருப்புவது? அந்த வாரமே அவர் ஓசூருக்குக் கிளம்பினார். பட்டாள வேலைக்குப் பையன்களைத் தயார் செய்யும் ஒரு பயிற்சி நிலையத்தில் மாஸ்டர் வேலை. அக்கா இங்கேயே இருக்கிறாள்.

சென்ற வாரம் போன் செய்தார். குரலில் பழைய கனம் திரும்பியிருந்தது.

"நல்ல பசங்க பாப்பா. சொன்ன பேச்சு கேக்கறானுங்க. நாளைக்கு முப்பது கிலோமீட்டர், நாளான்னிக்கு மறுபடியும் முப்பது. சோத்த நிறுத்திட்டேன், ஒருத்தன் வாயத் தொறக்கல."

"மாமா, அவங்களுக்காவது சோறு போடுங்க. ஒரு தடவ தின்னுட்டு ஓடிக் காட்டறேன்னு எனக்குச் சொன்னீங்களே, அத அவங்கள வெச்சு செஞ்சு பாருங்க."

"பாக்கலாம், பாக்கலாம்."

பேச்சுக்கு நடுவே சுவரில் ஒரு தட்டு கேட்டது. பிறகு இன்னொன்று. எண்ணாமல் இருக்க முயன்றேன். பின்னால் படியில் யாரோ ஏறும் சத்தம், ஒரு கால் உரசிக்கொண்டு.

"யாரு மாமா அது?"

"எவனோ ஒருத்தன். காலையில ஓடிட்டு வந்தான்."

"மஞ்சக்கருவ என்ன பண்றீங்க?"

"இங்க வாங்கிக்க ஆளில்ல. காக்காய்க்குப் போடறேன்."

கடலூரில் அவர் தள்ளி வைத்த எவர்சில்வர் தட்டு எப்படியோ எங்கள் பையோடு வந்துவிட்டது. அக்கா அதைக் கழுவித் தனியாக வைத்திருக்கிறாள். ஒரு தட்டுச் சோறு, தின்ற மறுநாள் ஒரு ஓட்டம். இரண்டையும் அவர் எனக்கு இன்னும் தரவில்லை.