மூட் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல எழுந்தது

அன்று சுரங்க டவுன்ஷிப் மன்றத்தில் இருந்தவர்கள் இருபது பேர். நீதிபதிகளாக உட்கார்ந்த கடலூர் வக்கீல்கள் மூவர். இரண்டு அணியாக வாதாடும் மாணவர்கள் நால்வர். லீவுக்கு வந்திருந்த சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் பதினோரு பேர், பார்க்க. நேரம் முடிந்ததும் மணியடிக்க ஒரு பெண். பெஞ்சு தூக்கிப் போட வந்த நான்.

நால்வரில் ஒருவன் என் தம்பி. நான் ஆறாவதோடு நின்று, மைன்ஸ் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனவன். எங்கள் காண்ட்ராக்டர் இரண்டு மாதச் சம்பளம் தராமல் ஊரைவிட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தம்பி சொல்லக் கேட்ட மூத்த வக்கீல், அதையே பெயர் மாற்றி வழக்காக எழுதியிருந்தார். என் பணத்துக்கு அன்று வழி தெரிந்துவிடும் என்றிருந்தேன். தெரியாமல் போய்விடுமோ என்ற பயமும் கூடவே இருந்தது.

மூத்த வக்கீல் பிள்ளைகளுக்கு விளக்கினார்.

“மூட் கோர்ட்னா வாதாடப் பழகறதுக்கு. இது நிஜக் கோர்ட் இல்ல. எங்க மூணு பேரையும் ஹைகோர்ட் ஜட்ஜுன்னு வச்சிக்குங்க. இந்தப் பக்கம் தொழிலாளியோட மனு, அந்தப் பக்கம் கம்பெனி. யார் எந்தப் பக்கம்னு சீட்டு எடுத்தாச்சு. ஆளுக்குப் பத்து நிமிஷம். நாங்க கேள்வி கேட்டா அதுவும் அந்த நேரத்துலதான் போகும். மனு போட்டவங்க கடைசியில ரெண்டு நிமிஷம் பதில் சொல்லலாம். சாட்சி கிடையாது. நாங்க எழுதிக் குடுத்த தாள்ல இருக்கறதுதான் நடந்தது. நியாயம் யார் பக்கம்னு மார்க் இல்ல, எப்படி வாதாடறீங்கன்னுதான்.”

தம்பிக்கு விழுந்தது கம்பெனிப் பக்கம்.

முதலில் பேசிய அணி, காண்ட்ராக்டர் தராவிட்டால் வேலை வாங்கிய கம்பெனி தர வேண்டும் என்று சட்டத்தையே படித்துக் காட்டியது. எனக்கு மூச்சு வந்தது. பிறகு தம்பி எழுந்தான். சட்டத்தை மறுக்கவில்லை, எத்தனை நாள் வேலை செய்தார் என்பதே தகராறு, ஆள் வந்த கணக்கெழுதும் மஸ்டர் ரோல் இல்லை, அதை விசாரிக்கும் இடம் ஹைகோர்ட் அல்ல, சம்பள அதிகாரியிடம்தான் போக வேண்டும் என்றான்.

“அவர் வேலை செஞ்சதைச் சொல்ல யாருமே இல்லியா?” என்றார் மூத்த வக்கீல்.

“தாள்ல யாரும் இல்ல, மை லார்ட்.”

நான் எழுந்துவிட்டேன். “நான் இருக்கறேங்க. ரெண்டு மாசமும் ஒருநாள்கூட நிக்கலிங்க.”

“அண்ணனுக்குச் சம்மன் வந்திச்சா?” என்றது ஒரு குரல். சிரித்தார்கள்.

“உக்காருங்க. இது உங்க கேஸ் இல்ல,” என்றார் வக்கீல், கோபமில்லாமல்.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. “தாள்ல இல்லாததை எடுத்துக்கக் கூடாது, மை லார்ட்,” என்றான். மணி அடித்தது.

அவன் அணிக்குத்தான் முதலிடம். நானும் கை தட்டினேன்.

சைக்கிளைத் தள்ளிக்கினு எங்கள் ஊர் வடக்குத்துக்கு வரும்போது தம்பியைக் கேட்டேன். “அந்த அதிகாரிகிட்ட போனா கெடைக்குமாடா?”

“ஒரு வருஷத்துக்குள்ள மனு குடுத்திருக்கணும்ணே.”

“நீ அப்பவே சொல்லலியே.”

“அப்ப எனக்கே தெரியாதுண்ணே. இந்தக் கேஸுக்குப் படிச்சிக்கினு இருந்தப்பதான் தெரிஞ்சிச்சி. தாமதத்துக்குக் காரணம் எழுதிக் குடுத்துப் பாக்கலாம்.”

“என்னன்னு எழுதுவ?”

கடைசிவரை நாங்கள் மனு கொடுக்கவேயில்லை. வரவேண்டியது அந்தக் காலத்து முந்நூற்று எழுபத்திரண்டு ரூபாய்.