இரண்டு குழாய்களும் ஒரே நிறமாக இருந்தன

எங்கள் ரசாயனக் கூடத்தில் ‘நான்’ என்ற சொல்லுக்கு அனுமதி கிடையாது. ‘சேர்த்தேன்’ என்று எழுதக் கூடாது. ‘சேர்க்கப்பட்டது’ என்று எழுத வேண்டும். ‘வந்தது’ கூடாது, ‘உண்டாயிற்று’. அழகாக, நன்றாக, ஆச்சரியமாக என்பவையெல்லாம் செருப்போடு வாசலில் கழற்றி வைக்கப்பட்டன. யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய வருஷங்கள். திருச்சியில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். பாடமும் ரெக்கார்டும் இங்கிலீஷில்தான். நினைவில் நிற்பதை இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

பக்கத்துக்கு மூன்று பத்திகள். சோதனை, கண்டது, முடிவு. குழாயில் எது நடந்ததோ அதை நின்ற இடத்திலேயே, மையால், அடுத்த சோதனைக்குப் போகுமுன் எழுதிவிட வேண்டும். அடித்தால் ஒரே கோடு, அடித்தது தெரிய வேண்டும். முடிவை யூகித்துவிட்டு அதற்குப் பொருத்தமாகக் கண்டதை எழுதுகிறவர்களும் இருந்தார்கள். அதற்கு ஸ்ரீரங்கத்துப் பையன்கள் வைத்த பெயர் மடப்பள்ளி, கோயிலின் சமையற்கட்டு. “என்னடா, வீழ்படிவு பதமா வெந்துதா?” என்று கேட்டுக் கண்ணடிப்பார்கள். மடப்பள்ளி நடத்திப் பிடிபட்டால் ரெக்கார்டில் கையெழுத்து விழாது. கையெழுத்து இல்லாவிட்டால் யூனிவர்சிட்டி பிராக்டிகலுக்கு உள்ளே விடமாட்டார்கள். ஒரு வருஷம் போகும்.

கையெழுத்துப் போடுகிறவர் டெமான்ஸ்ட்ரேட்டர். புத்தூரிலிருந்து சைக்கிளில் வருவார், கால்சட்டையின் ஓரத்தில் கிளிப் மாட்டியபடியே கூடத்துக்குள் நடமாடுவார். என்மேல் அவருக்கு ஒரு சந்தேகம் முதலிலேயே உண்டு. இரும்புக் கரைசலில் தயோசயனேட் விட்ட அன்று ‘கரைசல் நாணிச் சிவந்தது’ என்று எழுதி வைத்திருந்தேன். அவர் அதை உரக்கப் படித்தார்.

“கரைசலுக்குக் கல்யாணமா சார்? பொண்ணு பாக்க வந்திருக்காங்களா?”

கூடம் சிரித்தது. ஒரே கோடு இழுத்து, ‘இரத்தச் சிவப்பு நிறம் தோன்றிற்று’ என்று அவரே எழுதினார்.

அந்தச் சிவப்பை எனக்குச் சொன்னவன் என் மேசைக் கூட்டாளி. வையம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், விடுதியில் தங்கிப் படித்தான். எங்கள் இருவருக்கும் ஒரே மேசை, ஒரே அடுப்பு, ஒரே அழுகின முட்டை நாற்றம். அவன் குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஏலம் விடுகிறவனைப்போலக் கூவுவான். “பச்சைடா! எழுது, பச்சை!” என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். ஆகவே பார்ப்பது அவன், எழுதுவது நான் என்று தானாகவே ஏற்பட்டுவிட்டது. நானும் பார்க்காமல் இல்லை. குழாயில் எனக்கும் ஏதோ ஒரு நிறம் தெரிந்தது. அவன் பச்சை என்றால் அதற்குப் பெயர் பச்சை.

யூனிவர்சிட்டிப் பரீட்சைக்கு முன் கல்லூரியிலேயே ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். நம்பர் வரிசைப்படி ஆளுக்கொரு மேசை. என் கூட்டாளி அடுத்த மேசைக்குப் போனான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குழாயும் நானும் தனியே நின்றோம்.

என்ன உலோகம் என்று கண்டுபிடிக்க எனக்குத் தந்த கரைசல் மங்கலாக இருந்தது. அமிலம் சேர்க்கப்பட்டது, வீழ்படிவு இல்லை. கந்தக வாயு செலுத்தப்பட்டது, வீழ்படிவு இல்லை. வாயு போகக் கொதிக்கவைத்து, நவச்சாரமும் அம்மோனியாவும் சேர்த்ததும் குழாய்க்குள் கூழ் திரண்டது. மூன்றாம் தொகுதி உலோகம். வெள்ளை என்றால் அலுமினியம், பச்சை என்றால் குரோமியம், சிவந்த பழுப்பு என்றால் இரும்பு. கூழ் நல்ல கருக்கலாக இருந்தது. வெள்ளை இல்லை என்பது நிச்சயம். கருக்கலாக இருந்தால் இரும்பு, வெளிறி இருந்தால் குரோமியம் என்று என் கண் எப்போதோ தனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தது, என்னைக் கேட்காமலே. எழுதினேன்: ‘சிவந்த பழுப்பு நிறக் கூழ்போன்ற வீழ்படிவு உண்டாயிற்று.’

இரும்பென்றால் உறுதிச் சோதனை உண்டு. வீழ்படிவை அமிலத்தில் கரைத்து ஃபெரோசயனைடு விட்டால் அடர்நீலம் பொங்கி வர வேண்டும். விட்டேன். வரவில்லை. இன்னும் விட்டேன். வரவேயில்லை. எழுதினேன்: ‘மாற்றம் எதுவும் நிகழவில்லை.’

அடுத்து என்ன செய்வதென்று விழித்துக்கொண்டிருந்தபோது டெமான்ஸ்ட்ரேட்டர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். குழாயில் மீதியிருந்த கூழைப் பார்த்தார். என் தாளைப் பார்த்தார். முகம் மாறிற்று.

“இது என்ன?”

“வீழ்படிவு சார்.”

“நிறத்தைக் கேக்கறேன்.”

“பழுப்பு சார்.”

“போன வருஷப் பசங்களுக்கு இரும்பு குடுத்தேன். அதை எவனோ சொல்லி, நீ இங்க வந்து மடப்பள்ளி நடத்திட்டிருக்க. கண்ணு முன்னாடி பச்சையா நிக்குது, பழுப்புன்னு எழுதற. எழுதறது பாத்ததா, கேட்டதா?”

“பாத்ததுதான் சார்.”

“பொய் சொல்றதையாவது பாத்துச் சொல்லு! ரெக்கார்டு எடுத்துட்டு வராதே. கையெழுத்து கிடையாது.”

அடுப்பு இரைந்துகொண்டிருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான் எழுதியது ஒவ்வொன்றும் பார்த்து எழுதியது. அதைச் சொல்ல எனக்கு வேறு சொல் தெரியவில்லை.

அடுத்த மேசையிலிருந்து என் கூட்டாளி குரல் கொடுத்தான். பரீட்சையில் பேசக் கூடாது. பேசினான்.

“சார், கோச்சுக்காதீங்க. அடுத்த வரியைப் பாருங்க. இரும்புன்னு கதை கட்டறவன் நீலம் வந்துச்சுன்னுல்ல எழுதியிருப்பான்? மாற்றம் இல்லைன்னு எதுக்கு எழுதணும்?”

டெமான்ஸ்ட்ரேட்டர் திரும்பவும் தாளை எடுத்தார். இரண்டு வரிகளையும் மாறி மாறிப் படித்தார். பிறகு அலமாரிக்குப் போய் இரண்டு சீசாக்களைக் கொண்டுவந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு குழாய்களில் எதையோ ஊற்றி, அம்மோனியா விட்டு, தண்ணீர் சேர்த்து இரண்டையும் ஒரே அடர்த்திக்குக் கொண்டுவந்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக என் முகத்துக்குமுன் பிடித்தார்.

“ஒண்ணு இரும்பு. ஒண்ணு குரோமியம். எது எது?”

பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். இடதும் வலதும் ஒரே சேற்றுநிறம். விளையாடுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் விளையாட்டு இல்லை.

“ரெண்டும் ஒண்ணுதானே சார்?”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். என் கூட்டாளி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் இருந்த இடத்தில் வேறு யாரோ நிற்பதுபோல. டெமான்ஸ்ட்ரேட்டரின் கை தாழ்ந்தது.

“உக்காருப்பா” என்றார். அதுவரை அவர் என்னை அப்பா என்று சொன்னதில்லை.

சாயங்காலம் காவிரிப் பாலத்தில் நடந்தேன். என் கூட்டாளியும் பாதிப் பாலம் வரை வந்தான். ஆற்றங்கரைத் தென்னையைக் காட்டி “அது என்ன நிறம்?” என்றான். “பச்சை.” “எப்படித் தெரியும்?” யோசித்தேன். தென்னை பச்சை என்று சின்ன வயசிலிருந்தே சொல்லியிருக்கிறார்கள். அதற்குமேல் எனக்குச் சாட்சி இல்லை. அவன் வேறெதையும் காட்டவில்லை. போகும்போது என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனான். கோபுரங்களும் மணலும் தண்ணீரும் முன்போலவே கிடந்தன. நான் எதையும் நம்பவில்லை. இத்தனை நாளும் உலகத்தைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் வீட்டு முற்றத்தில் அக்கா மிளகாய் காயப்போட்ட தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தட்டின் முன் போய் நின்றேன்.

“ஏண்டா, பேயறைஞ்சாப்பல நிக்கறே?”

“இதுல பழுக்காதது எத்தனை இருக்கு, சொல்லு.”

“ஏன், நீயே பாரேன். அதோ நாலஞ்சு பச்சையாக் கெடக்கே, கண்ணைப் பறிக்கறது.”

என் கண்ணை எதுவும் பறிக்கவில்லை. சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு ஒரு மிளகாயை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள், டெமான்ஸ்ட்ரேட்டர் பிடித்ததுபோலவே முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“கொல்லைல பழமாப் பாத்துப் பறிச்சுண்டு வாடான்னா காயாக் கொண்டுவந்து கொட்டுவியே,” என்றாள் மெதுவாக. “வேலை செய்ய உடம்பு வணங்கலைன்னு அப்பா உன்னை அடிச்சாரேடா.”

தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா கோயிலிலிருந்து வந்தார். அவர் நெற்றியின் நடுவே ஓடிய ஸ்ரீசூர்ணக் கோட்டைப் பார்த்தேன். அது சிவப்பு என்றுதான் அறிந்திருந்தேன். இப்போது அங்கே ஒரு கருத்த கோடு இருந்தது, அவ்வளவே.

மறுநாள் டெமான்ஸ்ட்ரேட்டர் என் ரெக்கார்டை வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அதிலிருந்த பச்சைகளும் சிவப்புகளும் யாருடையவை என்பது இப்போது எங்கள் இருவருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டார்.

“ரெண்டு பேர் மேசை, ரெண்டு பேர் பார்வை. அதனால போடறேன். யூனிவர்சிட்டி பரீட்சைல நீ ஒத்தைக் கண்ணன். என்ன பண்ணப் போற?”

“நீலமும் மஞ்சளும் தெரியுது சார்.”

“அதை வச்சுக்கிட்டு?”

அதை வைத்துக்கொண்டு என் கூட்டாளியும் நானும் ஒரு வழி கண்டோம். மூன்றாம் தொகுதிக் கூழ் வந்தால் இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதி அமிலத்துக்கும் ஃபெரோசயனைடுக்கும்: நீலம் வந்தால் இரும்பு. மறுபாதி காரத்தில் பெராக்ஸைடு விட்டுக் கொதித்து, அசிட்டிக் அமிலத்தோடு ஈய அசிட்டேட்டுக்கு: மஞ்சள் படிந்தால் குரோமியம். இரண்டு மடங்கு வேலை. ஆனால் என்னை ஏமாற்றாத இரண்டு நிறங்கள்.

யூனிவர்சிட்டிப் பரீட்சையில் மூன்றாம் தொகுதியே வந்தது. ‘கூழ்போன்ற வீழ்படிவு உண்டாயிற்று’ என்று எழுதி நிறுத்தினேன். வேறொன்றும் எழுதவில்லை. இரண்டாகப் பிரித்தேன். முதல் பாதியில் ஃபெரோசயனைடு விழுந்ததும் நீலம் எழுந்தது, யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல். எழுதினேன்: ‘அடர்நீல வீழ்படிவு உண்டாயிற்று.’ மறுபாதியில் மஞ்சள் வரவில்லை. அதையும் எழுதினேன். இரும்பு என்று முடித்தேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த பரீட்சகர் தாளைப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் பென்சிலை ஊன்றினார்.

“வீழ்படிவுக்கு நிறம் எங்கே?”

“எழுதலை சார்.”

“இரும்புன்னுதான் கண்டுபிடிச்சாச்சே. இரும்புன்னா பழுப்பு. இப்ப எழுதிடுங்களேன், மார்க்கு போகுமே.”

ஒரு சொல். மை தொட்ட பேனா கையில் இருந்தது. கூடத்தின் மறு கோடியில் டெமான்ஸ்ட்ரேட்டர் நின்றுகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“நான் பாக்கலை சார்” என்றேன்.

பரீட்சகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சுழி போட்டார், மார்க் குறைத்ததற்கு அடையாளமாக. அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

தேறினேன், கடைசி வகுப்பில். இப்போது பத்திரிகைகளில் நான் எழுதும் அந்தி வானங்களை மெச்சிக் கடிதம் போடுகிறார்கள். அவற்றில் உள்ள சிவப்பெல்லாம் வையம்பட்டிக்காரன் கூவ நான் கேட்ட சிவப்பு. நான் பார்த்து எழுதியது அந்த நீலம்.