ஒற்றைப் பெயர்க்காரர்களும் சுலக்ஷனாவின் படிவமும்

இலங்கை மலையகத்து லிந்துலை டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே போகவேண்டிய அகலத்தில் ஒரு கொமினிகேஷன் கடை இருக்கிறது. போட்டோகாப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் அங்கே நடக்கும். கடைக்காரி சுலக்ஷனாவுக்கு இருபத்தைந்து வயது. ஊரில் பாதிப் பேருடைய அடையாள அட்டை இலக்கம் அவளுக்கு மனப்பாடம். அப்பா செல்லசாமி இறந்து நாலு வருடம் ஆகிறது. அம்மா மீனம்மா இன்னும் தேயிலை மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறாள்.

ஆள் வராத நேரத்தில் வாய் பார்த்துக்கொண்டு உட்காருவது சுலக்ஷனாவுக்குப் பிடிக்காது. வீடியோ பார்த்துப் பார்த்தே பைதன் நிரல்மொழி படித்தாள். பிறகு அதில் வலைத்தளம் கட்ட உதவும் ஃபிளாஸ்க் படித்தாள். வலையில் ஒரு படிவம் வைத்து, நிரப்புகிறவர்களின் விவரத்தை டேட்டாபேஸில் சேமிக்கும் அளவுக்குக் கை தேறிவிட்டது. அதுக்குமேல் கொஞ்சம் பெருமையும் தேறிவிட்டது. அந்தப் பெருமையைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தது.

தோட்டத்து நலன்புரி அதிகாரி பிரதாப் நல்ல மனிதர், ஆனால் எதிலும் அவசரம். கொழும்பிலிருந்து கண் டாக்டர்மார் வருகிறார்கள், கண்புரை எடுக்க அறுபது பேருக்கு இடம், பட்டியல் ஞாயிறு பகல் இரண்டு மணிக்குள் போகவேண்டும் என்று வந்து நின்றார். "ஒரே ஆளு பேரு ரெண்டு தடவ இருந்துச்சுன்னா பட்டியலையே தள்ளிட்டு அடுத்த தோட்டத்துக்குக் குடுத்துருவாங்க தங்கச்சி. பாத்துச் செய்ங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேங்க சார்" என்றாள் சுலக்ஷனா. அறுபது வரிசை சேர்ந்ததும் படிவம் தானாக மூடிக்கொள்ளும்படி எழுதினாள். தன் பேஸ்புக் பெயரான 'சுலக்ஷனா செல்லசாமி'யைப் போட்டுச் சோதித்தாள். 'நன்றி, செல்லசாமி அவர்களே' என்று அழகாக வந்தது. பிரதாப்பும் தன் முழுப்பெயரைப் போட்டுப் பார்த்தார். அவருக்கும் நன்றி வந்தது. இரண்டு சோதனை வரிசையையும் அழித்துவிட்டு, ஞாயிறு காலை எட்டு மணிக்கு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு லிங்கை அனுப்பினாள்.

பத்தரைக்குப் பிரதாப் போன் போட்டார். "அறுபதும் நெறைஞ்சிருச்சு தங்கச்சி! கெட்டிக்காரிதான் நீங்க. பட்டியல அனுப்பிரட்டா?"

அவள் வாயெல்லாம் பல்லாக "அனுப்புங்க சார்" என்று சொல்லப்போன நேரத்தில்தான் சண்முகவடிவு கடைக்குள் நுழைந்தாள். லயத்தில் அடுத்த வீடான பக்கத்துக் காம்பராக்காரி. முக்காடு மழையில் நனைந்து, கையில் போன், முகத்தில் கோபம்.

"என்னாடி படிவம் போட்டிருக்க? ஏழு தடவ அமத்திட்டேன். ஏழு தடவயும் என்னமோ இன்டர்னல் சர்வர் எரர்னு இங்கிலீசுல பேசுது. இப்ப என்னடான்னா எடம் முடிஞ்சிருச்சாம்!"

"சார், அனுப்பிறாதீங்க, அஞ்சு நிமிசம்" என்று போனை வைத்தாள் சுலக்ஷனா. அந்த ஐந்து நிமிடம் மூன்று மணி நேரத்துக்கு மேல் வளரப்போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

முதலில் மழையைத் திட்டினாள். அடுத்தது சிக்னலைத் திட்டினாள். நம் ஆட்கள் குற்றத்தைத் தன் வீட்டுக்குள் தேடுவது எப்போதும் கடைசியில்தான். இன்டர்னல் சர்வர் எரர், அதாவது ஐநூறாம் இலக்க எரர், வந்தால் கோளாறு சர்வரில் ஓடும் நிரலில்தான் என்று பாடத்திலேயே படித்திருக்கிறாள். வேறு வழியில்லாமல், கோளாறுகளைக் குறித்துவைக்கும் எரர் லொக்கைத் திறந்தாள். ஒரே வரி வரிசையாக நின்றது: லிஸ்ட் இன்டெக்ஸ் அவுட் ஒஃப் ரேஞ்ச். இல்லாத ஒன்றைப் பட்டியலில் எடுக்கப் போயிருக்கிறது நிரல். எந்த இடத்தில் என்றும் லொக் காட்டியது. நன்றி சொல்லும் இடம்.

வீடியோவில் வந்த வெள்ளைக்காரன் பெயரை இடைவெளியில் வெட்டி, இரண்டாம் துண்டை எடுத்து நன்றி சொன்னான். அவளும் அப்படியே எழுதியிருந்தாள். சண்முகவடிவு என்ற பெயரில் இரண்டாம் துண்டுக்கு எங்கே போவது? லயத்தில் பிறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஒரே பெயர்தான். இனிஷியல் போட்டாலும் ஒட்டித்தான் போடுவார்கள். தானும் அதே லயத்தில் பிறந்தவள், அது தன் புத்திக்கு எட்டவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அதைவிட மோசம், சேமிக்கும் வேலை நன்றிக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. விவரம் டேட்டாபேஸில் ஏறிய பிறகுதான் நிரல் விழுகிறது. எரரைப் பார்த்தவர்கள் பதிவாகவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அமத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு அமத்தலும் ஒரு புது வரிசை.

"அப்ப நான் ஏழு பேரா?" என்றாள் வடிவு.

"ஏழு பேருங்க அக்கா."

"ஏழு பேருக்கும் சேத்து ரெண்டு கண்ணுதான்டி இருக்கு!" வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுலக்ஷனாவும் சிரித்துக்கொண்டே டேட்டாபேஸ் டேபிளைத் திறந்தாள். அறுபது வரிசையில் ஆட்கள் இருபத்தொரு பேர்தான். ஏழு சண்முகவடிவு. ஐந்து அழகன். பதினொரு மீனம்மா.

தோட்டத்தில் மீனம்மாக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த அடையாள அட்டை இலக்கம் அவளுக்குத் தெரிந்தது. வீட்டு இலக்கமும் அவள் வீட்டு இலக்கம்தான்.

"அக்கா, இது எங்கம்மா."

வடிவு சிரிப்பை நிறுத்தினாள். "ஆமா. நான்தான் நிரப்பிக் குடுத்தேன். ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சு. அமத்துனது மட்டும் அதுவே."

சுலக்ஷனா அம்மாவுக்குப் போன் போட்டாள். "கண்ணு தெரியலையாம்மா ஒங்களுக்கு?"

"வலது கண்ணுதான். ஒரு வருசமா மூட்டமாத் தெரியுது. சொன்னா மலைக்குப் போவாதேம்ப."

"எரர்னு வந்துச்சே, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலாம்ல?"

"நீ எழுதுனதுல பிழையின்னு நானே எப்புடிடி சொல்றது? ஒரு தடவயாச்சும் சரியா வந்துரும்னு அமத்திக்கிட்டே இருந்தேன்."

அவளுக்கு அழுகையோடு கோபமும் வந்தது, அம்மா மேல் பாதி, தன் மேல் மீதி. ஆனால் மணி பதினொன்றரை. அழுவதை இரண்டு மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

துண்டு வெட்டும் வரியைத் தூக்கிவிட்டு முழுப்பெயருக்கே நன்றி சொல்லவைத்தாள். ஆளுக்கு முதல் வரிசையை மட்டும் விட்டு மற்றதை அழித்தாள். பதினொரு அம்மாவில் பத்துப் பேரை அழித்தபோது கை கொஞ்சம் தயங்கியது. பிறகு, ஒரு அடையாள அட்டை இலக்கம் ஒரு தடவைக்கு மேல் டேபிளில் ஏறாதபடி கட்டு போட்டாள். அந்தக் கட்டில் மோதினாலும் எரர்தான் வரும். அதனால் அதைப் பிடித்து, 'நீங்கள் ஏற்கெனவே பதிந்துவிட்டீர்கள்' என்று தமிழில் சொல்லவைத்தாள். வடிவு எட்டாம் தடவை அமத்திப் பார்த்தாள். "இப்பதான் மரியாதையாப் பேசுது" என்று சர்ட்டிபிக்கட் கொடுத்தாள்.

மிச்சம் முப்பத்தொன்பது இடம். குழுவில் மன்னிப்புக் கேட்டு மறுபடி லிங்க் போட்டாள் சுலக்ஷனா. போன் இல்லாதவர்களுக்காக வடிவே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். ஒன்றே முக்காலுக்கு அறுபது நிறைந்தது. இம்முறை அறுபதும் அறுபது ஆட்கள்.

பட்டியலைப் பார்த்துவிட்டுப் பிரதாப் போன் போட்டார். "எல்லாம் சரி தங்கச்சி. நாலாவது ஆள், மீனம்மா. கூட வர்றவங்க பேரு காலியா இருக்கு. யாரும் இல்லையா அவங்களுக்கு?"

"இருக்காங்க சார். சுலக்ஷனான்னு போட்டுக்கங்க."

"யாரு, நீங்களா? ஒப்பரேசன் அன்னைக்குக் கடை?"

"கடை பூட்டுத்தாங்க சார்" என்றாள் சுலக்ஷனா.